காசு கொடுத்து வாங்கின கட்டுரை: பொய் எங்க ஆரம்பிக்குது?

(எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகத் திருத்தி, கொஞ்சம் சுருக்கித் தந்திருக்கிறோம்.)

இந்த வாரம் வேற ஒரு டாபிக் வெச்சிருந்தேன். ஆனா நடுவுல ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு, அதைக் கேட்டதும் பிளானை மாத்திட்டேன்.

அனுப்பினவர் இங்கிலாந்துல மேனேஜ்மென்ட் மாஸ்டர்ஸ் படிக்கிறார். சொந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம். பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார், அதனால தம்பின்னே கூப்பிடுறேன். அவர் சொன்னது இதுதான்: “அண்ணா, 2,500 வார்த்தைல ஒரு எஸ்ஸே. நோக்கியா ஏன் ஸ்மார்ட்போன் சந்தையை இழந்துச்சுன்னு எழுதணும். பத்து நாள்தான் இருக்கு. வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலைக்கும் போறேன். வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர் எழுதித் தர்றேங்கிறார். யார்கிட்டேயும் திருடல, எழுதுறவருக்குக் காசு கொடுத்துடுறோம். டர்னிட்டின்ல ஜீரோ பர்சென்ட்னு கேரண்டியும் தர்றாங்க. இதுல யாரை அண்ணா ஏமாத்துறோம்?”

கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. “அதெல்லாம் தப்புப்பா”ன்னு சொல்லிட்டுப் போறது சுலபம். ஆனா அவர் கேட்டது ஏன் தப்புன்னு. அதுக்குப் பதில் சொல்ல முயற்சி பண்றேன்.

யாரை ஏமாத்துறோம்?

நாம பொதுவா காப்பியடிக்கிறதைத் திருட்டு மாதிரி நினைக்கிறோம். ஒருத்தரோட எழுத்தை அவருக்குத் தெரியாம எடுத்தா தப்பு, காசு கொடுத்து எடுத்தா கணக்கு நேராயிடுச்சு. தம்பியோட வாதம் இதுதான். ஆனா இந்தக் கணக்குல ஒருத்தர் விட்டுப்போயிட்டார். அந்த எஸ்ஸேயைப் படிச்சு மார்க் போடுறவர்.

சப்மிட் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி, “இது என் சொந்த வேலை”ன்னு ஒரு உறுதிமொழிக்கு டிக் போடுவீங்க. தனியா டிக் பாக்ஸ் இல்லாட்டியும், எஸ்ஸே மேல உங்க பேரோ எண்ணோ இருக்கிறதுக்கு அர்த்தம் அதுதான். அது படிக்கிறவர்கிட்ட நீங்க சொல்ற ஒரு வாக்கியம். எழுதினவர் சம்மதிச்சாரா, அவருக்குக் காசு போச்சாங்கிறது அந்த வாக்கியத்தை உண்மையாக்காது. விக்கிறவர் உங்களுக்கு எழுத்தை விக்கலாம், அதோட உரிமையைக்கூட எழுதிக் கொடுக்கலாம். ஆனா “இதை யோசிச்சது நான்தான்”ங்கிற உண்மையை அவரால விக்க முடியாது, ஏன்னா அது உண்மையே இல்ல.

நம்ம வேலையில இருந்து ஒரு உதாரணம். ஆபீஸ்ல நான் எழுதுற கோடுல பாதி, வேற யாரோ எழுதின லைப்ரரியைக் கூப்பிடுறதுதான். அதை யாரும் ஏமாத்துன்னு சொல்றதில்ல. ஏன்னா எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன்னு `package.json`-லயே இருக்கு. எல்லாருக்கும் தெரியும். அதே நான், வேலைக்கான இன்டர்வியூவுல கோடிங் டெஸ்டை ஃப்ரெண்டை வெச்சு எழுதினா? அந்த கோடு அருமையாவே வேலை செய்யலாம். ஆனா அங்க கம்பெனிக்கு வேண்டியது கோடு இல்ல, எனக்கு என்ன தெரியும்ங்கிற தகவல். எஸ்ஸேவும் அப்படித்தான். நோக்கியா ஏன் விழுந்துச்சுன்னு உங்க புரொஃபசருக்கு ஏற்கெனவே தெரியும். உங்களால அதை எப்படி யோசிக்க முடியுதுன்னுதான் அவர் பார்க்கிறார்.

இந்த வகைக்கு ஆய்வாளர்கள் ‘கான்ட்ராக்ட் சீட்டிங்’னு தனிப் பேரே வெச்சாங்க. 2006-ல பர்மிங்ஹாம்ல ராபர்ட் கிளார்க், தாமஸ் லங்காஸ்டர்னு ரெண்டு பேர். சுவாரஸ்யம் என்னன்னா, அவங்க அப்போ பார்த்தது எஸ்ஸே கடைகளை இல்ல. ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்களை ஏலத்துல எடுக்குற ஒரு சைட்ல, மாணவர்கள் தங்களோட கோடிங் அசைன்மென்ட்டை அப்படியே போட்டு ஆள் தேடினதை. அதாவது இந்தக் கதை நம்ம துறையில இருந்துதான் பேர் வாங்கிச்சு.

நானும் இதுல சுத்தம் இல்ல. இன்ஜினியரிங் கடைசி வருஷம் எங்க டீம் ஒரு புராஜெக்ட் சென்டர்ல ரெடிமேட் புராஜெக்ட் வாங்கினோம். ரிப்போர்ட், பிபிடி, சிடி எல்லாம் செட்டா வந்துச்சு. வைவால தப்பிச்சாச்சு. அப்புறம் ஒரு இன்டர்வியூவுல, ரெஸ்யூமேல அந்தப் புராஜெக்ட்டைப் பார்த்துட்டு, “இந்த அல்காரிதத்தை ஏன் எடுத்தீங்க?”ன்னு கேட்டாங்க. வேற எதை எடுத்திருக்கலாம்னே எனக்குத் தெரியாது. அந்த அமைதி இன்னும் ஞாபகம் இருக்கு.

‘ஜீரோ பர்சென்ட்’ எதை அளக்குது?

தம்பிக்குக் கொடுத்த கேரண்டியைப் பார்ப்போம். டர்னிட்டினோட சிமிலாரிட்டி சதவீதம், உங்க வாக்கியங்கள் அதோட சேமிப்புல இருக்கிற வாக்கியங்களோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காட்டுது. அவ்வளவுதான். யார் எழுதினதுங்கிறதை அந்த எண் சொல்லாது. புதுசா எழுதி வாங்கினா சதவீதம் கம்மியாத்தான் வரும். அதே சமயம் மேற்கோள்களும் ரெஃபரன்ஸ் லிஸ்ட்டும் ஒழுங்கா இருக்கிற சொந்த எஸ்ஸேக்கு 15, 20 சதவீதம்கூட வரலாம். அது தப்பே இல்ல. அதனால ஜீரோ வரும்ங்கிறது கேரண்டி மாதிரி தெரிஞ்சாலும், நீங்க கேட்காத கேள்விக்கான பதில்.

நம்ம ஊர்லயும் இந்தக் குழப்பம் இருக்கு. யுஜிசி 2018-ல கொண்டு வந்த விதிகள், ஆய்வேடுகள்ல ஒற்றுமை 10 சதவீதம் வரைக்கும்னா தண்டனை இல்லைன்னு வகுக்குது. அதைக் கேட்டதும் பத்துக்குள்ள வந்தா நேர்மைன்னு ஒரு அர்த்தம் பரவிடுச்சு. அந்த எண் அளக்கிறது வாக்கிய ஒற்றுமையைத்தான். வேற ஒருத்தர் உட்கார்ந்து எழுதிக் கொடுத்த ஆய்வேடு அந்த வடிகட்டியில சிக்காமலே போகலாம். சிக்கலைங்கிறதால அது நேர்மையாயிடாது.

அப்போ எப்படித் தெரிய வருது?

முதல்ல படிக்கிறவருக்கு ஒரு நெருடல் வரும். வகுப்புல கொடுத்த ரீடிங் ஒண்ணுகூட எஸ்ஸேல இருக்காது, ஆனா அந்த லைப்ரரியிலேயே கிடைக்காத புத்தகங்கள் மேற்கோள்ல இருக்கும். இல்லேன்னா கேள்வி ஒண்ணு, பதில் பொதுவா வேற ஒண்ணு. அதுக்கப்புறம் ஃபைலைத் திறந்து பார்க்கலாம்.

`.docx` ஃபைல்ங்கிறது உண்மையில ஒரு ஜிப் ஃபைல். பேரை `.zip`-ன்னு மாத்தித் திறந்தா உள்ள `docProps`-ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுல `core.xml`, `app.xml` ரெண்டுலயும் சேர்த்து இந்த மாதிரி வரிகள் இருக்கும்:

```xml
<dc:creator>Writer-07</dc:creator>
<cp:revision>2</cp:revision>
<TotalTime>11</TotalTime>
```

ஃபைலை உருவாக்கினது யார், எத்தனை தடவை சேவ் ஆச்சு, மொத்தம் எத்தனை நிமிஷம் எடிட் பண்ணினாங்கன்னு அர்த்தம். 2,500 வார்த்தை எஸ்ஸேக்கு 11 நிமிஷம்னா கேள்வி வரும்தானே?

ஆனா இது மட்டும் ஆதாரம் இல்ல, இதைக் கவனமாச் சொல்லணும். கூகுள் டாக்ஸ்ல எழுதி டவுன்லோட் பண்ணினாலோ, கடைசியில புது ஃபைலுக்கு பேஸ்ட் பண்ணினாலோ நேர்மையா எழுதினவரோட ஃபைல்லயும் இந்த எண்கள் சரியா இருக்காது. செகண்ட்ஹேண்ட் லேப்டாப்னா பழைய ஓனர் பேர்கூட வரும். அதனால நெருடல் இருந்தா பெரும்பாலும் மாணவரைக் கூப்பிட்டுப் பேசுவாங்க. “மூணாவது பத்தியில இந்தக் கருத்தை எங்க இருந்து எடுத்தீங்க? இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் வெச்சிருக்கீங்க? எதை எழுதிட்டு அழிச்சீங்க?” எழுதினவருக்கு இதெல்லாம் வாயில வரும், அழிச்ச பத்தியை நினைச்சு ஒரு வருத்தம்கூட வரும். வாங்கினவருக்கு வராது.

இதைத் தப்பிக்கிற வழியா எடுத்துக்காதீங்க. நேர்மையா எழுதுறவங்களுக்காகத்தான் சொல்றேன்: நோட்ஸையும் பழைய டிராஃப்ட்களையும் அழிக்காதீங்க. தப்பா சந்தேகப்பட்டா உங்களைக் காப்பாத்துறது அதுதான்.

காசு கொடுத்ததோட முடியுறதில்ல

தம்பிக்கு நான் முதல்ல சொன்னது இந்தப் பகுதியைத்தான். விக்கிறவர்கிட்ட உங்க பேர், காலேஜ், ஈமெயில், காசு அனுப்பின ரசீது, முழு சாட் எல்லாம் இருக்கு. உங்ககிட்ட அவரோட ஒரு போன் நம்பர். அப்புறம் ஒருநாள், “இன்னும் கொஞ்சம் அனுப்பு, இல்லேன்னா காலேஜுக்கு மெயில் போகும்”னு மெசேஜ் வரும். எழுத்து மோசமா இருக்குன்னு ரீஃபண்ட் கேட்கிறப்பவே மிரட்டல் ஆரம்பிச்ச கதைகளும் உண்டு. படிப்பு முடிஞ்சு வேலையில சேர்ந்தப்புறமும் இது வரலாம், ஏன்னா அந்த சாட் அப்பவும் அவர்கிட்ட இருக்கும். போய்ப் புகார் கொடுக்கவும் கை நடுங்கும்.

சட்டமும் தெரிஞ்சுக்கணும். இங்கிலாந்துல 2022-ல வந்த ஒரு கல்விச் சட்டம், காசுக்காக மாணவருக்கு அசைன்மென்ட் எழுதிக் கொடுக்கிறதையும், அதை விளம்பரம் பண்றதையும் குற்றமாக்கிடுச்சு. ஆஸ்திரேலியாவுல 2020-லயே சட்டம் வந்துடுச்சு. இங்கிலாந்து சட்டம் குறிவைக்கிறது விக்கிறவரை. வாங்கின மாணவரை விசாரிக்கிறது பல்கலைக்கழகம். ஆனா வெளிநாட்டு மாணவருக்கு அது சின்ன விஷயம் இல்ல. படிப்பை விட்டு நீக்கிட்டா பல்கலைக்கழகம் அதை உள்துறைக்குச் சொல்லியாகணும், விசா அந்த ஸ்பான்சர்ஷிப்பைத்தான் நம்பி இருக்கு. ஊர்ல அப்பா வாங்கின எஜுகேஷன் லோன் மட்டும் அப்படியே நிக்கும்.

நேர்மையான உதவி எப்படி இருக்கும்? தம்பியோட எஸ்ஸே

சரி, அப்போ எல்லாத்தையும் தனியாத்தான் எழுதணுமா? இல்ல. உதவி கேட்கிறது தப்பே இல்ல. யுனிவர்சிட்டியிலேயே ரைட்டிங் சப்போர்ட்னு ஒரு இடம் இருக்கும், பெரும்பாலும் இலவசம். தம்பி அங்க அப்பாயின்ட்மென்ட் போட்டார். அங்க நடந்ததை எனக்கு போன்ல சொன்னார், அதை அப்படியே சொல்றேன். உதவின்னா என்னங்கிறது இதுல தெளிவாத் தெரியும்.

அவர் கொண்டு போன டிராஃப்ட்ல முதல் வரி: “ஐபோன் வந்ததால் நோக்கியா விழுந்தது.” உதவி பண்றவர் அந்த வரியைத் திருத்தல. ஒரு கேள்வி கேட்டார். “ஐபோன் 2007-ல வந்துச்சு. நோக்கியா மைக்ரோசாஃப்டோட கூட்டுன்னு அறிவிச்சது 2011 பிப்ரவரியில. நடுவுல நாலு வருஷம் இருக்கே, அப்போ நோக்கியா என்ன பண்ணிட்டிருந்துச்சு?” தம்பிக்குப் பதில் தெரியல. “அப்போ அதுதான் உங்க எஸ்ஸே”ன்னு சொல்லி அனுப்பிட்டார்.

தம்பி போய்ப் படிச்சார். நோக்கியா சும்மா இல்ல, தன்னோட பழைய சிம்பியன் மென்பொருளையே இழுத்துக்கிட்டு ஓடிட்டிருந்துச்சு, இன்னொரு பக்கம் புதுசா ஒண்ணைக் கட்டப் பார்த்துச்சுன்னு கண்டுபிடிச்சார். ரெண்டாவது டிராஃப்ட்ல வரி மாறிடுச்சு: “போட்டி வந்தது தெரியாததால் நோக்கியா விழவில்லை. தெரிந்தும், பழைய மென்பொருளை விட்டு வேகமாக வெளியேற முடியாததால் விழுந்தது.” இது அவரோட வாக்கியம். கேள்வி வேற ஒருத்தரோடது, பதில் இவரோடது.

அடுத்து ஒரு விஷயம். தம்பியோட சித்தப்பா ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஃபேக்டரில வேலை பார்த்தவர். 2014 நவம்பர் 1-ஆம் தேதி அங்க உற்பத்தி நின்னுச்சு. தம்பி அதையும் எஸ்ஸேல சேர்த்திருந்தார், ஸ்மார்ட்போன்ல தோத்ததோட விளைவுன்னு. உதவி பண்றவர் ஓரத்துல ஒரு கமென்ட் மட்டும் போட்டார்: “இந்த ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதானா? சரிபாருங்க.” தம்பி சரிபார்த்தார். நோக்கியா தன்னோட போன் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு வித்தது 2014 ஏப்ரல்ல முடிஞ்சுது. ஆனா இந்திய வரித்துறையோட இருந்த வழக்கால ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரி அந்த விற்பனையில சேரல. தனியா நின்ன ஃபேக்டரிகிட்ட மைக்ரோசாஃப்ட் போன் வாங்குறதை நிறுத்தினதும் அங்க வேலை நின்னுபோச்சு. சந்தையில தோத்தது ஒரு கதை, ஃபேக்டரி மூடினதுல வரி வழக்குங்கிற இன்னொரு கதையும் கலந்திருக்கு.

“எங்க வீட்ல இத்தனை வருஷமா ஒரே கதையாத்தான் சொல்லிட்டிருந்தோம் அண்ணா”ன்னார். சித்தப்பாவுக்கு போன் போட்டு அரை மணி நேரம் பேசினாராம். வாட்ஸ்அப் குரூப்ல இருக்கிறவர் எழுதியிருந்தா இந்தப் பத்தி வந்திருக்குமா?

கோடு எங்க?

இதுல இருந்து மூணு கேள்விகளை எடுத்து வெச்சிருக்கேன். எந்த உதவியையும் இதை வெச்சுப் பார்க்கலாம்.

ஒண்ணு, முடிவை யார் எடுத்தாங்க? என்ன சொல்லணும், எந்த ஆதாரம், எந்த வரிசைன்னு நீங்க முடிவெடுத்தா அது உங்க எழுத்து. “இந்தப் பத்தி புரியல”ன்னு சொல்றது உதவி. அந்தப் பத்தியை எழுதிக் கொடுக்கிறது உதவி இல்ல.

ரெண்டு, இந்த உதவியை மார்க் போடுறவர்கிட்ட வெளிப்படையாச் சொல்ல முடியுமா? “ரைட்டிங் சென்டர்ல ரெண்டு தடவை பேசினேன், ஒரு ஃப்ரெண்ட் ஸ்பெல்லிங் பார்த்தார்”னு தைரியமாச் சொல்லலாம். சொல்ல வாய் வரலைன்னா, மறைக்க ஏதோ இருக்கு.

மூணு, பேப்பரை மூடி வெச்சுட்டு பத்து நிமிஷம் அதைப் பத்திப் பேச முடியுமா?

இதுல உண்மையிலேயே குழப்பமான இடம் ப்ரூஃப்ரீடிங். காசு கொடுத்து ஒருத்தரை ஸ்பெல்லிங், இலக்கணம் பார்க்கச் சொல்றது பல இடங்கள்ல சரி, சில இடங்கள்ல அதுவும் கூடாது. அது டிபார்ட்மென்ட் விதியிலேயே இருக்கும், முதல்ல அதைப் படிங்க. அனுமதி இருந்தா ட்ராக் சேஞ்சஸ் போட்டுத்தான் திருத்தச் சொல்லுங்க. ஒவ்வொரு திருத்தத்தையும் நீங்களே பார்த்து ஏத்துக்கணும் இல்ல தள்ளணும். ‘போனான்’ங்கிறதை ‘போனார்’னு மாத்தினா அது ப்ரூஃப்ரீடிங். ஒரு திருத்தத்தைப் படிச்சதும் “அட, நான் இப்படி யோசிக்கவே இல்லையே”ன்னு தோணினா அது எல்லை தாண்டிடுச்சு. அந்த வரியைத் தள்ளிட்டு, உங்க வார்த்தையில திரும்ப எழுதுங்க.

“மாதிரிக்கு மட்டும்”னு விக்கிற எஸ்ஸேக்களும் இருக்கு. நல்ல மாதிரி வேணும்னா டிபார்ட்மென்ட்லயே போன வருஷ மாணவர்களோட எஸ்ஸேக்களை மார்க்கோட கேட்டுப் பாருங்க, பல இடங்கள்ல கொடுப்பாங்க. உங்க கேள்விக்கே, உங்க டெட்லைனுக்கே, உங்க வார்த்தை எண்ணிக்கைக்கே எழுதின ஒண்ணு மாதிரி இல்ல. அது சரக்கு.

நேரமே இல்லைன்னா?

இப்போ நேர்மையா ஒத்துக்கணும், எல்லாருக்கும் பத்து நாள் இருக்காது. பெரும்பாலானவங்க வாங்குறது சோம்பலால இல்ல, கடைசி ராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற பயத்தால. அந்த ராத்திரிக்கும் வழிகள் இருக்கு.

உடம்பு சரியில்ல, வீட்ல ஏதாவது ஆயிடுச்சுன்னா டெட்லைனுக்கு முன்னாடியே எக்ஸ்டென்ஷன் கேட்டு ஃபார்ம் போடுங்க. அதுக்குன்னே ஒரு நடைமுறை இருக்கு. காரணம் செல்லாதுன்னா, லேட்டா கொடுத்தா எவ்வளவு மார்க் குறையும்னு விதியில பாருங்க. அதுவும் முடியலைன்னா, இருக்கிற அரைகுறையைக் கொடுங்க. பிரிட்டன்ல மாஸ்டர்ஸ் பாஸ் மார்க் பொதுவா 50. அது வராட்டி பெரும்பாலும் இன்னொரு வாய்ப்பு கிடைக்கும், அதுல எவ்வளவு நல்லா எழுதினாலும் பாஸ் மார்க்குக்கு மேல போட மாட்டாங்க. அவமானமா இருக்கும், சரி. ஆனா 42 வாங்கினது ஒரு எஸ்ஸேல முடிஞ்சுடும். வாங்கின எஸ்ஸே எங்க முடியும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தம்பி கடைசியில என்ன பண்ணினார்? ஒரு வார இறுதி ஷிஃப்ட்டை ஃப்ரெண்டுக்கு மாத்திக் கொடுத்துட்டு, வியாழக்கிழமை ராத்திரி சப்மிட் பண்ணிட்டார். 58 வந்திருக்கு. ஃபீட்பேக்ல, அலசல் நல்லா இருக்கு, ரெஃபரன்ஸ் ஸ்டைல்ல நிறைய பிழைன்னு எழுதியிருந்தாங்களாம்.

“இன்னும் கொஞ்சம் வந்திருக்கலாம் அண்ணா”ன்னு குறைபட்டுக்கிட்டார். அந்தக் குறையைப் படுறதுக்கு அவருக்கு முழு உரிமை இருக்கு. அது அவர் எழுதினது.

அடுத்த வாரம் பார்ப்போம்.